கன்னத்து உப்பைத் துடைக்காதீர்கள்: செய்திப் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்யும் ஓர் அம்மாவின் படம் எங்கள் மேசைக்கு வந்திருந்தது. உச்சி வெயில், தலையில் சும்மாடு, கன்னத்தில் உப்பு காய்ந்து வெள்ளை வெள்ளையாகத் திட்டு. பக்கம் வடிவமைக்கும் தம்பி பத்தே நிமிடத்தில் அதைத் 'தயார்' செய்துவிட்டான். திரும்பிப் பார்த்தால் கன்னத்தில் உப்பு இல்லை, கண்ணோரச் சுருக்கம் இல்லை, நிறமும் இரண்டு படி வெளுத்திருந்தது. "பேப்பர்ல பார்க்கிறப்ப அவங்களுக்கே சந்தோஷமா இருக்கும்லண்ணே" என்றான்.

அவன் மனதில் கெடுதல் இல்லை. ஆனால் அந்தக் கட்டுரை எதைப் பற்றியது? உப்பளத் தொழிலாளர்களின் தோலும் கண்ணும் படும் பாட்டைப் பற்றியது. செய்தியே அந்தக் கன்னத்தில்தான் இருந்தது. அதைத்தான் அவன் படம் திருத்தும் மென்பொருளின் ஹீலிங் பிரஷ்ஷால் துடைத்திருந்தான்.

கல்யாண ஆல்பத்தில் இதே வேலையைச் செய்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஸ்டுடியோவுக்குப் போனால் டச்சப் செய்து கொடுப்பார்கள். நாமும் அதற்குத்தான் காசு கொடுக்கிறோம். செய்திப் படம் வேறு. அங்கே நடந்ததை நேரில் பார்க்க முடியாத வாசகருக்கு நாம் கொடுக்கும் சாட்சி அது. அதனால்தான் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் விதி, படத்தில் எதையும் சேர்க்கவும் கூடாது, நீக்கவும் கூடாது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. கேமரா சென்சாரில் படிந்த தூசி, பழைய ஃபிலிமில் விழுந்த கீறல், இவற்றை மட்டும் துடைக்கலாம். ஃபிளாஷ் பட்டுக் கண் சிவப்பாகத் தெரிகிறதே, அதைக்கூட மாற்றக் கூடாது என்று அந்த விதி தனியாகவே சொல்கிறது.

சிவந்த கண்ணையாவது சரி செய்யக் கூடாதா என்று பலர் கேட்பார்கள். யாருக்கும் கண் அப்படிச் சிவப்பாக இருக்காது என்பது உண்மைதான். நான் புரிந்துகொண்டது இது: இன்றைக்குக் கண்ணைச் 'சரி' செய்யலாம் என்று அனுமதித்தால், எது சரி என்பதை அதன்பிறகு மேசையில் உட்கார்ந்திருப்பவர்தான் முடிவு செய்வார். நாளைக்கு அது கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையமாக இருக்கும், அப்புறம் பல்லாக இருக்கும். சிவப்பு வேண்டாம் என்றால் ஃபிளாஷை லென்ஸை விட்டுத் தள்ளிப் பிடித்தோ, கூரையில் பட்டுத் திரும்பும்படி வைத்தோ எடுக்க வேண்டும். அந்த வேலை எடுக்கும் இடத்திலேயே முடிந்துவிட வேண்டும்.

இந்த விதிகளின் பின்னால் இருக்கும் காரணம் புரிய, 1994-ல் அமெரிக்காவில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது. அமெரிக்கக் கால்பந்தின் முன்னாள் நட்சத்திரம் ஓ.ஜே. சிம்ப்சன், முன்னாள் மனைவியையும் இன்னொருவரையும் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு ஜூன் மாதம் கைதானார். லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறை எடுத்த படம் எல்லாப் பத்திரிகைகளுக்கும் போனது. டைம், நியூஸ்வீக் இரண்டுமே ஜூன் 27 தேதியிட்ட இதழில் அதே படத்தை அட்டையில் போட்டன. நியூஸ்வீக் வந்ததை வந்தபடியே போட்டது. டைம் அதை ஓர் ஓவியரிடம் கொடுத்து மாற்றி வாங்கியது. அவர் முகத்தைக் கருப்பாக்கினார், ஓரங்களை இருட்டாக்கினார், படத்தில் இருந்த கைதி எண்ணைச் சிறிதாக்கினார்.

இரண்டு இதழும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. யாரும் துப்பறியத் தேவையே இருக்கவில்லை. ஒரே மனிதர், ஒரே நொடி, இரண்டு நிறம். வழக்கு இன்னும் விசாரணைக்கே வரவில்லை. கருப்பினத்தவரைக் கண்டாலே குற்றவாளியாக நினைக்கும் பழக்கம் ஆழமாக ஊறிய நாட்டில், குற்றம் சாட்டப்பட்ட ஒருவரை இன்னும் கருப்பாக்கினால் அவர் இன்னும் பயங்கரமானவர் என்று சொன்னதாகத்தான் அர்த்தம். கருப்பின அமைப்புகளும் பத்திரிகையாளர்களும் கொதித்தெழுந்தார்கள். இனரீதியான நோக்கம் எதுவும் இல்லை என்று டைம் ஆசிரியர் விளக்க வேண்டிவந்தது. இது புகைப்படத்தை வைத்துச் செய்த சித்திரம் என்று இதழின் உள்ளே ஒரு குறிப்பு இருக்கத்தான் செய்தது. அட்டையைப் பார்க்கிறவர் உள்ளே இருக்கும் பொடி எழுத்தைத் தேடிப் படிப்பாரா?

இந்த வழக்கைச் சொன்னதும் நம் ஊரில், "நாங்கள் யாரையும் கருப்பாக்குவதில்லையே" என்பார்கள். நாம் வெளுக்கிறோம். உப்பளத்து அம்மாவுக்கு நடந்தது அதுதான். இரண்டும் ஒரே தவறு. ஒருவருடைய நிறத்தை மாற்றினால், அந்த நிறத்தைப் பற்றி நம் மனதில் இருக்கும் மதிப்பீட்டை அவர் முகத்தில் பூசுகிறோம். வெளுத்தால் அழகு என்று நினைத்து வெளுக்கிறவர், அவருடைய உண்மையான நிறம் பத்திரிகைக்கு ஏற்றது அல்ல என்று அவரிடமே சொல்கிறார்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். செய்தித்தாளில் மை பரவும். 50 சதவீதம் என்று நாம் அனுப்பும் சாம்பல், தாளில் 75 சதவீதத்துக்கு அருகே கருத்துப்போகும். அதனால் அச்சுக்குப் போகும் படத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கித்தான் ஆக வேண்டும். அதில் தவறே இல்லை. முழுப் படத்துக்கும் ஒரேபோல ஏற்றும் வெளிச்சம் அது. தவறு எங்கே தொடங்குகிறது என்றால், முகத்தை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுத்து வெளிச்சம் ஏற்றும்போது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. முகத்தையும் கழுத்தையும் கையையும் பாருங்கள். கை ஒரு நிறம், முகம் ஒரு நிறம் என்றிருந்தால் யாரோ தொட்டிருக்கக்கூடும். படத்தில் இரண்டு பேர் இருந்தால், அசலில் அவர்கள் நிறத்துக்கு இடையே இருந்த வித்தியாசம் திருத்திய பிறகும் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் வெள்ளை வேட்டி, துண்டு ஏதாவது இருந்தால் அதன் மடிப்புகள் வெளுத்துப்போய்க் காணாமல் போயிருக்கின்றனவா என்று பாருங்கள். அசலைப் பக்கத்திலேயே திறந்து வைத்துக்கொண்டால் இதெல்லாம் ஒரு நிமிட வேலை.

நோக்கம் இல்லாமலே முகம் மாறுவதும் உண்டு. 2005 அக்டோபரில் யுஎஸ்ஏ டுடே இணையதளம், அப்போதைய வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸின் படத்தைப் போட்டது. கண்கள் பேய்ப்படத்தில் வருவதுபோல வெறித்து நின்றன. வேண்டுமென்றே செய்தார்கள் என்று பலத்த கண்டனம் எழுந்தது. படத்தைத் தெளிவாக்கிவிட்டு முகத்தின் ஒரு பகுதியை வெளிச்சமாக்கியதில் கண்கள் இயல்பற்றுப் போய்விட்டன என்று அந்த நாளிதழ் விளக்கி, படத்தை மாற்றியது. ஷார்ப்பன் செய்யும்போது கருப்புக்கும் வெள்ளைக்கும் இடையிலான விளிம்புதான் கூர்மையாகும். முகத்தில் அப்படிப்பட்ட விளிம்பு கண்ணில்தான் அதிகம். அந்த இடத்திலேயே வெளிச்சமும் ஏறினால் சாந்தமான பார்வைகூட முறைப்பதுபோல ஆகிவிடும். எனவே எந்தத் திருத்தம் செய்தாலும் கடைசியாகக் கண்ணையும் வாயையும் அசலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்தை அனுப்ப வேண்டும்.

சிரிப்பை ஒட்டுவது இதைவிட மோசம். 2023 மே 28 அன்று டெல்லியில் போராடிய மல்யுத்த வீராங்கனைகளைக் காவல்துறை பிடித்துக்கொண்டு போனது. வேனுக்குள் அவர்கள் இறுகிய முகத்தோடு எடுத்த செல்ஃபி ஒன்று வெளியானது. சில மணி நேரத்தில் அதே படம், அவர்கள் சிரிப்பதுபோல மாற்றப்பட்டு ஊரெல்லாம் சுற்றியது. உடை, வேன், உட்கார்ந்த இடம் எதுவும் மாறவில்லை. உதட்டையும் கன்னத்தையும் மட்டும் மாற்றி, அவர்கள் போராட்டமே நாடகம் என்று சொல்லிவிட்டார்கள். முகபாவம் என்பது ஒருவர் வாய் திறக்காமல் கொடுக்கும் வாக்குமூலம். அதைத் திருத்துவதும் அவர் சொல்லாததை மேற்கோள் குறிக்குள் போடுவதும் ஒன்றுதான்.

அதிகாரத்தில் இருப்பவர்களை அழகாக்குவதில் வேறொரு ஆபத்து இருக்கிறது. 2007-ல் பிரெஞ்சு அதிபர் சார்கோசி அமெரிக்காவில் விடுமுறையில் படகோட்டிய படத்தை பாரி மாட்ச் இதழ் போட்டது. அதில் அவருடைய இடுப்புச் சதை காணாமல் போயிருந்தது. நிழலை வெளுக்கும்போது திருத்தம் கூடிவிட்டது என்றது இதழ். அடுத்த ஆண்டு நவம்பரில் லெ ஃபிகாரோ நாளிதழ், நீதி அமைச்சர் ரஷீதா தாத்தியின் விரலிலிருந்து விலையுயர்ந்த வைர மோதிரத்தை முதல் பக்கத்தில் அழித்தது. நீதிபதிகள் அமைச்சரை எதிர்த்து மனு கொடுத்த செய்தி அது. மோதிரம் பேச்சுப்பொருளாகிவிடக் கூடாது என்றுதான் எடுத்தோம் என்றார்கள். எது பேச்சுப்பொருள் என்று முடிவு செய்வது வாசகரின் உரிமை. அமைச்சர் என்ன அணிந்திருந்தார் என்பதும் வாசகருக்குத் தெரிய வேண்டிய தகவல்தான். படம் உறுத்தினால் வேறு படத்தைத் தேடியிருக்க வேண்டும்.

இப்போது மேசைக்கு வருவதற்கு முன்பே முகம் மாறிவிடுகிறது. பல கைப்பேசிகளில் பியூட்டி மோட் தானாகவே வேலை செய்கிறது. மாவட்ட நிருபர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தில் விவசாயியின் முகம் மெழுகுபோல வழவழவென்று இருக்கும், ஆனால் சட்டையின் நூலிழை பளிச்சென்று தெரியும். இந்த முரண்பாடுதான் அடையாளம். மீசையும் தோலும் சேரும் கோடு கரைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் பின்னால் எதைச் செய்தும் மீட்க முடியாது. நிருபருக்குப் போன் போட்டு அந்த மோடை அணைக்கச் சொல்லி, முடிந்தால் வேறு படம் வாங்க வேண்டும்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். பாலியல் வன்முறையில் பாதிக்கப்பட்டவர்களையும் குற்ற வழக்குகளோடு தொடர்புடைய குழந்தைகளையும் அடையாளம் காட்டக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். முகத்தை மங்கலாக்கினால், மறைத்திருக்கிறார்கள் என்பது பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரியும். அதில் ஏமாற்று இல்லை. ஆனால் அசோசியேட்டட் பிரஸ் அதையும் கணினியில் செய்ய அனுமதிப்பதில்லை. பின்னாலிருந்து எடு, நிழலுருவாக எடு என்பதுதான் அங்கே வழி. எனக்கும் அதுதான் பிடித்திருக்கிறது, ஏனென்றால் மங்கலாக்கிய முகத்துக்குக் கீழே பள்ளிச் சீருடையும் வீட்டுக் கதவும் அப்படியே தெரிவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

அந்த உப்பளப் படத்தைக் கடைசியில் அசலாகவே போட்டோம். முழுப் படத்துக்கும் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றினோம், அவ்வளவுதான். கன்னத்தில் இருந்த உப்பு தாளிலும் தெரிந்தது.