சமப்புள்ளியில் நிற்கும் அணிகள்: நெட் ரன் ரேட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொங்கலுக்கும் மே மாத லீவுக்கும் திருநெல்வேலிப் பக்கத்து ஊர்களில் நடக்கும் டென்னிஸ் பால் கிரிக்கெட் போட்டிகள் பெரும்பாலும் நாக் அவுட்தான். தோற்றவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார், வம்பில்லை. எல்லா அணிக்கும் மூன்று ஆட்டமாவது கிடைக்கட்டும் என்று லீக் வைத்தால்தான் கடைசி நாளில் தகராறு வருகிறது. இரண்டு, மூன்று அணிகள் ஒரே புள்ளியில் நிற்கும். ஸ்கோரர் மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடும். "அண்ணாச்சி, நாங்க அவனுவள ஜெயிச்சிருக்கோம்லா? அப்ப நாங்கதான மேல?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது, ஆனால் பதில் விதியைப் பொறுத்தது. 2019 உலகக் கோப்பையில் நியூசிலாந்தும் பாகிஸ்தானும் ஆளுக்கு 5 வெற்றி, 11 புள்ளி. நேருக்கு நேர் ஆட்டத்தில் ஜெயித்தது பாகிஸ்தான். அரையிறுதிக்குப் போனதோ நியூசிலாந்து. அங்கே விதி முதலில் வெற்றிகளின் எண்ணிக்கையையும், அடுத்து நெட் ரன் ரேட்டையும் பார்க்கச் சொன்னது. நேருக்கு நேர் முடிவு அதற்கும் பிறகுதான். நியூசிலாந்து +0.175, பாகிஸ்தான் -0.430. ஆகவே முதல் தவறு, இந்த வரிசையை எழுதி வைக்காமல் போட்டியைத் தொடங்குவது. நுழைவுக் கட்டணம் வாங்கும் அன்றே நோட்டீஸில் நாலு வரி போட்டால் போதும். கடைசி லீக் ஆட்டம் முடிந்த பிறகு எந்த விதியைச் சொன்னாலும், அது யாருக்கோ சாதகமாகச் சொன்னதாகத்தான் தெரியும்.

சரி, ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். நான்கு ஊர் அணிகள்: அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வள்ளியூர், மேலப்பாளையம். எல்லாம் கணக்குக்காக வைத்த பெயர்கள்தான். ஆட்டத்துக்கு 10 ஓவர், வெற்றிக்கு 2 புள்ளி, முதல் இரண்டு இடம் பிடிப்பவர்களுக்கு இறுதி ஆட்டம். முடிவுகள் இப்படி:

அம்பாசமுத்திரம் 90 (10 ஓவர்), கல்லிடைக்குறிச்சி 60 ஆல் அவுட் (7.3)
வள்ளியூர் 80 (10), கல்லிடைக்குறிச்சி 81 (8.2)
வள்ளியூர் 95 (10), அம்பாசமுத்திரம் 85 (10)
மேலப்பாளையம் 70 (10), அம்பாசமுத்திரம் 71 (9.3)
கல்லிடைக்குறிச்சி 100 (10), மேலப்பாளையம் 75 (10)
வள்ளியூர் 92 (10), மேலப்பாளையம் 80 (10)

மேலப்பாளையம் வெளியே. மற்ற மூன்றும் 4 புள்ளி. நேருக்கு நேர் பார்க்கலாம் என்றால், அம்பை கல்லிடையை ஜெயித்தது, கல்லிடை வள்ளியூரை ஜெயித்தது, வள்ளியூர் அம்பையை ஜெயித்தது. வட்டமாகச் சுற்றுகிறது, முடிவு கிடைக்காது. நெட் ரன் ரேட்டுக்குத்தான் போக வேண்டும்.

நெட் ரன் ரேட் என்பது ஓர் அணி எல்லா ஆட்டங்களிலும் சேர்த்து ஓவருக்கு அடித்த ரன்னிலிருந்து, அதற்கு எதிராக ஓவருக்கு அடிக்கப்பட்ட ரன்னைக் கழித்தால் வருவது. இதில் அதிகம் நடக்கும் தவறு ஆல் அவுட்டில். 7.3 ஓவரில் ஆல் அவுட் ஆன அணி 7.3 ஓவர்தான் ஆடியது என்று ஸ்கோர் ஷீட்டைப் பார்த்து அப்படியே எழுதிவிடுகிறார்கள். விதிப்படி, ஆல் அவுட் ஆனால் முழு 10 ஓவரும் ஆடியதாகவே கணக்கு. காரணம் எளிது. 60 ரன்னை 5 ஓவரில் அடித்து ஆல் அவுட் ஆகிற அணிக்கு ஓவருக்கு 12 ரன் என்று போட்டால், 10 ஓவரில் 90 அடித்து அந்த ஆட்டத்தை ஜெயித்த அணிக்கு 9தான் வரும். தோற்றவன் ஜெயித்தவனைவிட நல்ல ரேட்டோடு போவான். ஆனால் இலக்கை எட்டி ஜெயித்த அணிக்கு எடுத்துக்கொண்ட ஓவர் மட்டுமே கணக்கு. அதனால் கல்லிடையின் 8.2 அப்படியே நிற்கும், 7.3 மட்டும் 10 ஆகும்.

சரியாகப் போட்டால், அம்பை 29.3 ஓவரில் 246 அடித்து, 30 ஓவரில் 225 கொடுத்திருக்கிறது. நெட் ரன் ரேட் +0.839. கல்லிடைக்கு +0.339, வள்ளியூருக்கு +0.218. இறுதி ஆட்டம் அம்பைக்கும் கல்லிடைக்கும்.

இப்போது அந்த ஒரே ஒரு இடத்தில் 10-க்குப் பதில் 7.3 என்று எழுதுங்கள். கல்லிடை +1.162-க்கு ஏறி முதலிடம் போகிறது. அதை ஆல் அவுட் ஆக்கிய அம்பைக்கு, கொடுத்த ரன் குறைந்த ஓவரில் வகுபடுவதால் +0.157-க்கு இறங்குகிறது. வள்ளியூர் +0.218-லேயே நின்று இரண்டாம் இடம் பிடிக்கிறது. முதலிடத்தில் இருக்க வேண்டிய அணி வீட்டுக்குப் போகிறது, அதுவும் நன்றாகப் பந்து வீசிய குற்றத்துக்காக!

அடுத்த தவறு சத்தமில்லாமல் நுழைவது. 8.2 ஓவர் என்பது 8 ஓவரும் 2 பந்தும். அதை 8.2 என்று தசமமாகவே வகுத்துவிடுகிறார்கள். உண்மையில் அது 8.333. 9.5 ஓவர் என்பது 9.833. கூட்டும்போது இன்னும் மோசம்: எக்ஸெலில் 8.2-ஐயும் 9.5-ஐயும் கூட்டினால் 17.7 வரும். ஓவரில் 7-வது பந்து என்று ஒன்று கிடையாது. சரியான விடை 18.1. பட்டியலில் எங்கேயாவது புள்ளிக்குப் பின் 6, 7, 8, 9 தென்பட்டால் இந்தத் தவறு நடந்துவிட்டது என்று அர்த்தம். நம் கணக்கில் இதனால் வரிசை மாறாது, கல்லிடைக்கு 0.04 கூடும், அவ்வளவே. நெருக்கமான பட்டியலில் அந்த 0.04 போதும் கோப்பையை மாற்ற.

இதைத் தவிர்க்க ஓவரையே மறந்துவிட்டுப் பந்துகளாக எழுதுவது நல்லது. B-யில் அடித்த ரன், C-யில் ஆடிய பந்து, D-யில் கொடுத்த ரன், E-யில் வீசிய பந்து என்று வைத்துக்கொண்டால் சூத்திரம் இதுதான்:

```
=6*(B2/C2-D2/E2)
```

அம்பைக்கு 246, 177, 225, 180. ஆல் அவுட் என்றால் 60 பந்து என்று முதலிலேயே மாற்றி எழுதிவிட வேண்டும். இதில் ஒரு சோதனையும் இருக்கிறது. எல்லா அணிகளும் அடித்த ரன்களின் கூட்டுத்தொகையும் கொடுத்த ரன்களின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். பந்துகளுக்கும் அப்படியே. நம் நான்கு அணிகளுக்கு இரண்டு பக்கமும் 979 ரன், 707 பந்து. கல்லிடையின் ஆல் அவுட்டைத் திருத்திவிட்டு, அம்பையின் பந்துவீச்சுப் பக்கத்தில் திருத்த மறந்திருந்தால் இந்தச் சோதனை உடனே காட்டிக்கொடுக்கும். இரண்டு பக்கமும் தவறாக எழுதியிருந்தால் காட்டாது, அதற்கு ஸ்கோர் ஷீட்டைத்தான் புரட்ட வேண்டும்.

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனித்தனியாக ரன் ரேட் வித்தியாசம் போட்டு, மூன்றையும் கூட்டி மூன்றால் வகுப்பவர்களும் உண்டு. அதுவும் தவறு. எதிரணியை 30-க்கு ஆல் அவுட் ஆக்கி, 3 ஓவரில் 31 அடித்து ஜெயித்த அணி, மற்ற இரண்டு ஆட்டத்திலும் 80-க்கு எதிராக 70 அடித்துத் தோற்றது என்று வையுங்கள். சராசரி எடுத்தால் +1.78. மொத்தமாகச் சேர்த்து வகுத்தால் +1.10தான். மூன்று ஓவர் ஆட்டத்துக்கும் பத்து ஓவர் ஆட்டத்துக்கும் ஒரே எடை கொடுத்ததால் வந்த வித்தியாசம் அது.

மழையால் முடிவில்லாமல் போன ஆட்டத்தின் ரன்களை யாருக்கும் சேர்க்கக் கூடாது. டையில் முடிந்து சூப்பர் ஓவருக்குப் போனால் அந்த ஓவரின் ரன்களும் சேராது. இவை இரண்டையும் நோட்டீஸிலேயே போட்டுவிடலாம்.

மூன்று அணிச் சமநிலையில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. நெட் ரன் ரேட்டால் அம்பை முதலிடம் போன பிறகு மிச்சம் இரண்டு அணிகள். அவற்றுக்கு இடையே மறுபடி நேருக்கு நேர் முடிவைப் பார்ப்பதா, நெட் ரன் ரேட்டையே தொடர்வதா? நம் கணக்கில் இரண்டும் கல்லிடையையே காட்டுகின்றன, தப்பித்தோம். வள்ளியூர் மேலப்பாளையத்துக்கு எதிராக 92-க்குப் பதில் 97 அடித்திருந்தால் அதன் ரேட் +0.384 ஆகி கல்லிடையைத் தாண்டியிருக்கும். நேருக்கு நேர் ஆட்டத்தில் ஜெயித்ததோ கல்லிடை. இரண்டு பேரிடமும் நியாயம் இருக்கும், விதியில் பதில் இருக்காது. ஐரோப்பியக் கால்பந்துப் போட்டிகளின் விதிகள் இதற்கென்றே தனியாகச் சொல்கின்றன: சில அணிகள் பிரிந்த பிறகும் சமமாக நிற்பவர்களுக்கு இடையே மட்டும் நேருக்கு நேர் கணக்கை மீண்டும் போட வேண்டும். நீங்கள் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள், ஆனால் ஒரு வாக்கியம் எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. இது ஸ்கோரர் மட்டுமல்ல, கேப்டனும் செய்யும் தவறு. "இத்தனை ஓவருக்குள் ஜெயிக்கணும்" என்று ஒரே ஓர் எண்ணை மனதில் வைத்துக்கொள்வது. 2023 செப்டம்பர் 5, லாகூர், ஆசியக் கோப்பை. இலங்கை அடித்தது 291. ஆப்கானிஸ்தான் 37.1 ஓவரில் 292 எடுத்தால் அடுத்த சுற்று. 37.1-வது பந்தில் முஜீப் அவுட், ஸ்கோர் 289, கைவசம் ஒரு விக்கெட். வாய்ப்பு முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள். முடியவில்லை. ஜெயிக்கும் அடி சிக்ஸராக இருந்தால் ரன் கூடும், அதனால் நேரமும் கூடும். 37.5-க்குள் 295 எடுத்தாலும், 38.1-க்குள் 297 எடுத்தாலும் போதுமாக இருந்தது. அதாவது அந்த 289-லிருந்து ஒரே ஒரு சிக்ஸர், நான்கு பந்துக்குள். உள்ளே வந்த ஃபரூக்கி இரண்டு பந்தைத் தடுத்து ஆடி, மூன்றாவதில் எல்பிடபிள்யூ. எதிர்முனையில் ரஷீத் கான் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கணக்கு எங்களுக்குச் சொல்லப்படவில்லை என்றார் பயிற்சியாளர் ஜொனாதன் டிராட்.

நம் லீக்கிலும் இதே கணக்கு வரும். வள்ளியூருக்குக் கடைசி ஆட்டம், மேலப்பாளையம் முதலில் ஆடி 80 எடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கல்லிடையின் +0.339-ஐத் தாண்ட வேண்டும். கடைசி அடி ஒற்றை ரன்னாக இருந்தால் 8.2 ஓவருக்குள் 81. ஸ்கோரைச் சமப்படுத்தி வைத்துக்கொண்டு பவுண்டரியில் முடித்தால் 8.4-க்குள் 84. சிக்ஸரில் முடித்தால் 8.5-க்குள் 86. இந்த மூன்று வரியையும் துண்டுச் சீட்டில் எழுதி, இரண்டாவது இன்னிங்ஸ் தொடங்கும் முன் இரு கேப்டன்களிடமும் கொடுத்துவிட வேண்டும். பந்து வீசுகிற அணிக்கும் அது தேவை. 80-ல் நிற்கும் பேட்ஸ்மேன் வேண்டுமென்றே ஒரு ரன்னை ஓடாமல் நின்றால், அடுத்த பந்தை எங்கே போடுவது, லாங் ஆனில் யாரை நிறுத்துவது என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள்தானே.