சிடி படத்தில் விண்டோ: கண்ணெதிரே இருந்தும் தவறவிடும் ரத்தம்

சிடி ஸ்கேன் உடலின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண்ணைத் தருகிறது. அதுதான் ஹவுன்ஸ்ஃபீல்ட் எண். தண்ணீர் 0, காற்று −1000, கொழுப்பு −100ஐ ஒட்டி, மூளை ஏறக்குறைய 25 முதல் 40 வரை, புதிதாக உறைந்த ரத்தம் பெரும்பாலும் 60 முதல் 80 வரை. கெட்டியான எலும்பு 1000ஐத் தாண்டிவிடும். இத்தனை எண்களையும் ஒரே நேரத்தில் சாம்பல் நிறங்களாகப் பரப்பினால், மூளையின் வெண்பகுதிக்கும் சாம்பல் பகுதிக்கும் உள்ள பத்து எண் வித்தியாசம் கண்ணுக்கு எட்டாது. அதனால்தான் வேண்டிய எண்களுக்கு மட்டும் நிறத்தைப் பங்கிடுகிறோம். அப்படிப் பங்கிடும் எல்லைதான் விண்டோ.

W என்பது அதன் அகலம், L என்பது அதன் நடு. மூளை விண்டோ W 80, L 40 என்றால் 0 முதல் 80 வரைதான் நிறம் மாறும். 0க்குக் கீழே எல்லாமே ஒரே கறுப்பு, 80க்கு மேலே எல்லாமே ஒரே வெள்ளை. கீழே வரும் தவறுகளில் முதல் மூன்றும் இந்த ஒரே வெள்ளையிலும் ஒரே கறுப்பிலும்தான் பிறக்கின்றன.

தலைக் காயத்தை மூளை விண்டோவில் மட்டும் பார்ப்பது

புதிதாகப் படம் பார்க்கத் தொடங்குகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்வது இதுதான். இரண்டு நிமிட வேலையைச் செய்யாததால் வரும் தவறு என்பதால் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

எழுபது வயதுக்காரர் ஒருவர் வழுக்கி விழுகிறார், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்துக்கொள்பவர் என்று வைத்துக்கொள்வோம். மண்டையோட்டின் உட்புறம் ஒட்டினாற்போல் 3 மில்லிமீட்டர் தடிமனில் ரத்தம் கசிந்திருக்கிறது, எண் 70. மூளை விண்டோவில் 70 என்பது 80இல் கிட்டத்தட்ட 88 சதவீதம். அதாவது ஏறக்குறைய முழு வெள்ளை. பக்கத்தில் இருக்கும் எலும்பு முழு வெள்ளை. போதாததற்கு, எலும்பும் ரத்தமும் ஒரே புள்ளிக்குள் கலக்கும் ஓரத்தில் சராசரி எண் 80ஐத் தாண்டி அதுவும் வெள்ளையாகிவிடும். மண்டையோடு அந்தப் பக்கம் சற்றுத் தடிப்பாக இருப்பதுபோல் தோன்றும், அவ்வளவுதான். படம் ‘நார்மல்’ என்று போய்விடும்.

இப்போது அதே படத்தை W 200, L 80க்கு மாற்றுங்கள். எல்லை −20 முதல் 180 வரை விரிகிறது. ரத்தம் 45 சதவீதத்துக்கு இறங்கி நடுச்சாம்பலாகிறது, 35 எண்ணுள்ள மூளை 28 சதவீதத்துக்கு இறங்கிக் கருஞ்சாம்பலாகிறது, எலும்பு மட்டும் வெள்ளையாகவே நிற்கிறது. ஒன்றாகத் தெரிந்தது மூன்று பட்டைகளாகப் பிரிகிறது. ரத்தத்துக்கான இந்த விண்டோவில் இருபுறமும் மண்டையோட்டின் உள்விளிம்பைக் கீழிருந்து மேல்வரை பின்தொடர வேண்டும். உச்சந்தலையையும், மூளைக்கு அடியில் சிறுமூளையைப் பிரிக்கும் சவ்வை ஒட்டிய இடத்தையும் கிடைவெட்டுப் படத்தில் மட்டும் நம்பக் கூடாது, முன்பக்க வெட்டுப் படத்தையும் திறந்து பாருங்கள்.

இதற்கும் எல்லை உண்டு. ஓரிரு வாரங்கள் கழிந்த ரத்தமும், கடும் ரத்தசோகை உள்ளவரின் புதிய ரத்தமும் மூளையின் எண்ணுக்கே இறங்கிவிடலாம். அப்போது விண்டோவை விரிப்பதால் பயன் இல்லை. குறுக்கிப் பார்த்து, மூளை மடிப்புகள் மண்டையோட்டை விட்டு உள்ளே தள்ளப்பட்டிருக்கின்றனவா என்று தேட வேண்டும்.

வயிற்றில் காற்றை நுரையீரல் விண்டோவில் தேடாமல் விடுவது

வயிற்றுக்கு வழக்கமான W 400, L 40 விண்டோ −160இலிருந்து தொடங்குகிறது. கொழுப்பு கருஞ்சாம்பல், காற்று கறுப்பு. குடல் ஓட்டையாகி வெளியேறிய சிறு காற்றுக் குமிழ் கொழுப்புக்குள் ஒளிந்துகொள்ளும். W 1500, L −600க்கு மாற்றினால் எல்லை −1350 முதல் 150 வரை. கொழுப்பு வெளிறிப்போகும், காற்று மட்டும் இருண்டு தனித்து நிற்கும். ஈரலின் முன்புறத்தை முதலில் பாருங்கள், படுத்திருப்பவருக்குக் காற்று அங்கேதான் ஏறும்.

நுரையீரல் கட்டியை வேறு வேறு விண்டோவில் அளப்பது

விளிம்பில் −300 என்றிருக்கும் புள்ளி நுரையீரல் விண்டோவில் வெளிச்சமாகத் தெரியும், நெஞ்சின் மென்திசு விண்டோவில் கறுப்பாகிவிடும். போன முறை ஒன்றிலும் இந்த முறை மற்றொன்றிலும் அளந்தால் வளராத கட்டியும் வளர்ந்ததாகிவிடும். பழைய படத்தையும் அதே விண்டோவில் மறுபடி அளக்கவும்.

எலும்பு விண்டோ போட்டதும் எலும்பு முறிவு தெரிந்துவிடும் என்று நம்புவது

விண்டோ நிறத்தைத்தான் மாற்றும், கூர்மையைக் கூட்டாது. W 2000, L 500 என்று வைத்தாலும், மென்திசுவுக்காக மழுப்பி உருவாக்கிய 5 மில்லிமீட்டர் தடிமன் வெட்டுப் படத்தில் மயிரிழை முறிவு மங்கியே இருக்கும். கெர்னல் என்பது மூலத் தரவைப் படமாக்கும் கணக்கு முறை; விளிம்பைக் கூர்மையாகக் காட்டும் கெர்னலில், 1 மில்லிமீட்டர் தடிமனில் தனியாக உருவாக்கிய தொடரைக் கேட்டு வாங்குங்கள். மூலத் தரவு கருவியிலிருந்து அழிவதற்குள் கேட்க வேண்டும்.