டொமைன் கைநழுவிப் போவது எப்படி? புதுப்பிப்பு, பிரைவசி, டிரான்ஸ்ஃபர் லாக்கில் நடக்கும் தவறுகள்

வெப்சைட் ஒரு காலையில் திறக்கவில்லை, மெயிலும் வரவில்லை என்று பதறி அழைப்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: டொமைன் யார் பெயரில், எந்த மெயில் ஐடியில் பதிவாகியிருக்கிறது? பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. சைட் செய்து கொடுத்த டிசைனர் தன் கணக்கிலேயே வாங்கியிருப்பார். அவர் இப்போது வேறு ஊரில், வேறு வேலையில் இருப்பார். புதுப்பிப்பு, பிரைவசி, டிரான்ஸ்ஃபர் லாக் மூன்றும் கடைசியில் அந்த ஒரு கணக்கையும் அந்த ஒரு மெயில் ஐடியையும் நம்பித்தான் இருக்கின்றன. அது கையில் இல்லையென்றால் மற்றதைச் சரியாகச் செய்தும் பலனில்லை.

காலாவதித் தேதிக்கு அப்புறம்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் உதிரிபாகம் விற்கும் ஒரு கடையின் .com பெயர் 2026 மார்ச் 10-ல் காலாவதி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம்.

பெயரை நமக்கு விற்கும் நிறுவனம் ரிஜிஸ்ட்ரார். .com பெயர்கள் முழுவதற்கும் பதிவேட்டை வைத்திருப்பது வெரிசைன், அதாவது ரெஜிஸ்ட்ரி. டொமைன் பெயர்களுக்கு உலக அளவில் விதி வகுக்கும் அமைப்பான ஐகானின் விதிப்படி, காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும், தேதி கடந்து ஐந்து நாளுக்குள்ளும் ரிஜிஸ்ட்ரார் நினைவூட்டல் அனுப்பியாக வேண்டும். முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. பதிவில் உள்ள மெயில் ஐடி அதே டொமைனில் இருக்கும், info@ என்று தொடங்கும். முதல் இரண்டு நினைவூட்டல்கள் அதில் வந்து, யாரும் படிக்காமல் கிடக்கும். காலாவதிக்குப் பின் சைட்டும் மெயிலும் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் நேம்சர்வரை ரிஜிஸ்ட்ரார் மாற்றிவிட்டால், மூன்றாவது வந்து சேரவே வழியில்லை. டொமைனின் பதிவு மெயில் அந்த டொமைனைச் சாராத ஐடியாக, இரண்டு பேராவது பார்ப்பதாக இருக்க வேண்டும்.

மார்ச் 10 தாண்டியதும் ரெஜிஸ்ட்ரி அந்தப் பெயரைத் தானாகவே ஒரு வருடம் நீட்டிவிடும். வாடிக்கையாளர் பணம் கட்டவில்லையென்றால், ரிஜிஸ்ட்ரார் 45 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 24-க்குள், பெயரை அழித்து அந்தக் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். இந்த நீட்டிப்பு பலரை ஏமாற்றிவிடுகிறது. மார்ச் 20-ல் யாராவது டொமைனின் பதிவு விவரத்தைக் காட்டும் whois-ல் பார்த்தால் இப்படித் தெரியலாம்:

```
Registry Expiry Date: 2027-03-10T06:41:09Z
Registrar Registration Expiration Date: 2026-03-10T06:41:09Z
Domain Status: clientTransferProhibited
```

மேல் வரியைப் பார்த்து "அடுத்த வருடம் வரை இருக்கே" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். நமக்குப் பொருந்துவது இரண்டாவது வரி. சில இடங்களில் அந்த வரி காட்டப்படுவதே இல்லை. அதனால் தேதியை நம்ப வேண்டிய ஒரே இடம் ரிஜிஸ்ட்ரார் கணக்கின் உள்ளே இருக்கும் பில்லிங் பக்கம்.

இந்த 45 நாள் முழுவதும் நமக்கு உண்டு என்று எண்ணுவதும் தவறு. அது ரெஜிஸ்ட்ரி ரிஜிஸ்ட்ராருக்குக் கொடுக்கும் அவகாசம். நமக்கு எத்தனை நாள் விடுவது என்பது ரிஜிஸ்ட்ராரின் சொந்த விதி. பல பெரிய ரிஜிஸ்ட்ரார்கள் ஒரு மாதத்தை ஒட்டியே பெயரை ஏலத்துக்கு விட்டுவிடுவார்கள். ஏலத்தில் எடுத்தவருக்குப் பெயர் அப்படியே கை மாறும். அழிக்கப்படாததால், அடுத்து வரும் மீட்புக் காலம் வராமலேயே போய்விடும்.

ஏலம் போகாமல் ஏப்ரல் 24-ல் அழிக்கப்பட்டால் redemptionPeriod என்ற அந்த மீட்புக் காலம் தொடங்கும், 30 நாள். மே 24 வரை பழைய உரிமையாளர் மட்டும் மீட்கலாம். ஆனால் மீட்புக் கட்டணம் தனி, அது வழக்கமான வருடக் கட்டணத்தைப் போல ஐந்து, பத்து மடங்கு ஆவது சாதாரணம். அதன் பின் pendingDelete ஐந்து நாள். அப்போது யாராலும் எதுவும் செய்ய முடியாது. மே 29 வாக்கில் பெயர் பொதுவில் விழும். அதற்காகவே நிரல் வைத்துக் காத்திருப்பவர்கள் நொடிக்குள் எடுத்துவிடுவார்கள். கையால் தட்டிப் பதிவுசெய்ய உட்கார்ந்திருப்பதில் பிரயோஜனமில்லை.

பெயரை எடுத்தவர் சூதாட்ட விளம்பரம் போடுவார் என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். அதைவிட மோசமானது மெயில். புதிய உரிமையாளர் எல்லா முகவரிகளுக்கும் வரும் மெயிலைத் தன் பெட்டிக்குத் திருப்பிக்கொள்ளலாம். 2018-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் சட்ட நிறுவனங்கள் கைவிட்ட பழைய டொமைன்களைப் பதிவுசெய்து பார்த்தார். வழக்கு ஆவணங்களும் வங்கிக் கடிதங்களும் அவருக்கு வந்துகொண்டே இருந்தன. பாஸ்வேர்டு மீட்பு இணைப்புகளும் இதே வழியில் வரும். நிறுவனத்தின் பெயர் மாறிவிட்டது, பழைய டொமைன் வேண்டாம் என்று முடிவெடுப்பவர்கள், அந்த மெயிலில் திறந்த கணக்குகள் எல்லாவற்றையும் மாற்றி முடிக்கும் வரை பழையதையும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆட்டோ ரென்யூவை மட்டும் நம்புவது

ஆட்டோ ரென்யூ போட்டிருந்தும் பெயர் காலாவதி ஆகும். 2017 ஜூலையில் மார்க்கெட்டோ என்ற பெரிய மார்க்கெட்டிங் மென்பொருள் நிறுவனத்துக்கே இது நடந்தது. தானியங்கிப் புதுப்பிப்பு வேலை செய்யாமல் marketo.com காலாவதியாகி, வாடிக்கையாளர்களின் சேவை நின்றது. கடைசியில் ஒரு வாடிக்கையாளர் தன் கையிலிருந்து பணம் கட்டிப் புதுப்பித்தார்.

நம்மவர்களுக்கு இன்னொரு தனிக் காரணமும் உண்டு. 2021 அக்டோபர் 1 முதல், கார்டில் தானாக எடுக்கும் தொடர் கட்டணங்களுக்கு முன்கூட்டியே ஓடிபி வழியாக ஒப்புதல் பதிவாகியிருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு அறிவிப்பும் போக வேண்டும். வெளிநாட்டு ரிஜிஸ்ட்ரார்கள் பலரிடம் அந்த ஏற்பாடு இல்லை. இந்தியக் கார்டைச் சேமித்து வைத்திருப்பீர்கள், ஆட்டோ ரென்யூ பச்சையாகவே எரியும், ஆனால் அன்றைக்கு வங்கி மறுத்துவிடும். காலாவதிக்கு இரண்டு மாதம் முன்பு நீங்களே உள்ளே போய்க் கையால் பணம் கட்டிவிடுவதே பாதுகாப்பு. முன்னதாகக் கட்டுவதால் நாள் எதுவும் குறையாது, பழைய தேதியிலிருந்துதான் வருடம் கூடும். முக்கியமான பெயர் என்றால் நான் மூன்று வருடம், ஐந்து வருடம் சேர்த்துக் கட்டச் சொல்வேன். உச்சபட்சம் 10 வருடம்.

பிரைவசி

பிரைவசி என்றால் பதிவேட்டில் உங்கள் பெயர், வீட்டு முகவரி, போன் இருக்கும் இடத்தில் ஓர் இடைநிலை நிறுவனத்தின் விவரம் தெரியும். 2018 மே மாதம் ஐரோப்பாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் நடைமுறைக்கு வந்த பின், பல ரிஜிஸ்ட்ரார்கள் தனிநபர் விவரங்களை எப்படியும் மறைத்துவிடுகிறார்கள். ஆனாலும் எல்லோரும், எல்லா விவரத்தையும் மறைப்பதில்லை. .in பெயர்களுக்கு இடைநிலைப் பிரைவசி சேவையே கிடையாது.

சில இடங்களில் பிரைவசிக்குத் தனிக் கட்டணம், தனித் தேதி. டொமைனைப் புதுப்பித்துவிட்டு இதை விட்டுவிட்டால் விவரங்கள் வெளியே வந்துவிடும். ஒரு நாள் வெளியே இருந்தாலும் போதும், பழைய பதிவுகளைச் சேமித்து விற்கும் நிறுவனங்களிடம் அது நிலைத்துவிடும். மறுபடி மூடினாலும் அங்கிருந்து போகாது. அப்புறம் "உங்கள் டொமைன் முடியப் போகிறது, உடனே கட்டுங்கள்" என்று சம்பந்தமில்லாத நிறுவனங்களிடமிருந்து போலி பில் வரத் தொடங்கும்.

பிரைவசிதான் இருக்கிறதே என்று அதன் பின்னால் பொய்யான மெயில் கொடுப்பது இன்னும் பெரிய தவறு. பதிவு செய்யும்போதும் மெயிலை மாற்றும்போதும் சரிபார்ப்பு இணைப்பு வரும். 15 நாளுக்குள் அதை அழுத்தவில்லையென்றால் ரிஜிஸ்ட்ரார் பெயரை முடக்கலாம். கட்டணம் எல்லாம் சரியாக இருந்தும் சைட் திடீரென்று நின்றால், நிலையில் clientHold என்று இருக்கிறதா பாருங்கள். சரிபார்க்காத மெயில் அதற்கு ஒரு வழக்கமான காரணம்.

லாக் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது

clientTransferProhibited என்பதுதான் நாம் லாக் என்று சொல்வது. அது ஒன்றை மட்டும் தடுக்கிறது: பெயர் வேறு ரிஜிஸ்ட்ராருக்குப் போவதை. காலாவதியை அது தடுக்காது. நேம்சர்வர் மாற்றத்தையும் தடுக்காது. கணக்குக்குள் நுழைந்தவர் ஒரு கிளிக்கில் லாக்கையே எடுத்துவிட்டு, டிரான்ஸ்ஃபருக்கு வேண்டிய ஆத் கோடை வாங்கிக்கொள்ளலாம்.

பெர்ல் நிரல்மொழிக்கான தளமான perl.com பறிபோனது இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அந்தப் பெயர் காலாவதி ஆகவில்லை. திருடர்கள் ரிஜிஸ்ட்ராரையே ஏமாற்றிக் கணக்கைப் பிடித்தார்கள் என்பது அந்தத் தளத்தை நடத்துபவர்களின் கணிப்பு. 2020 செப்டம்பரிலேயே அது கைவிட்டுப் போயிருந்தது. டிசம்பரில் வேறு ரிஜிஸ்ட்ராருக்கு மாற்றினார்கள், ஆனால் நேம்சர்வரைத் தொடவில்லை. சைட் வழக்கம் போல ஓடியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 2021 ஜனவரியில் மூன்றாவது ரிஜிஸ்ட்ராருக்கு நகர்த்திய பிறகுதான் சைட் வேறு எங்கோ போனது, 1,90,000 டாலருக்கு விற்பனைக்கும் வந்தது. பெயர் பிரபலமானதால் சில நாட்களில் மீட்டுவிட்டார்கள். சாதாரணக் கடைக்கு அந்த வேகம் கிடைக்காது.

செப்டம்பருக்கும் டிசம்பருக்கும் நடுவே ஏன் இடைவெளி? உரிமையாளர் விவரம் மாறினால் 60 நாளுக்கு டிரான்ஸ்ஃபர் கூடாது என்ற ஐகான் விதியைத்தான் தளத்தை நடத்துபவர்கள் காரணமாகச் சொல்கிறார்கள். கவனித்திருந்தால் காப்பாற்றுவதற்கு இருந்த அவகாசமும் அதுதான். எனவே "உங்கள் தொடர்பு விவரம் மாற்றப்பட்டது" என்று ரிஜிஸ்ட்ராரிடமிருந்து மெயில் வந்தால், அன்றே போன் செய்ய வேண்டும். அந்த மெயிலில் உள்ள இணைப்பை அழுத்தாமல், நேராக ரிஜிஸ்ட்ரார் தளத்துக்குப் போய்ப் பாருங்கள். லாக்கோடு இரண்டடுக்கு உள்நுழைவும் கட்டாயம். வங்கி, பெரிய ஆன்லைன் வியாபாரம் என்றால் serverTransferProhibited நிலையைத் தரும் ரெஜிஸ்ட்ரி லாக் வாங்குவது தகும். அதை எடுக்க ஆள் வைத்து, போன் வழியாகச் சரிபார்ப்பார்கள். விலை கூடுதல்.

நாமே ரிஜிஸ்ட்ரார் மாற்றும்போது நடக்கும் தவறுகளும் உண்டு. காலாவதிக்குப் பின் புதுப்பித்துவிட்டு, அந்த 45 நாளுக்குள்ளேயே டிரான்ஸ்ஃபர் செய்தால், கட்டிய வருடம் கணக்கில் சேராமல் போகலாம். மாற்றுவதை காலாவதிக்கு இரண்டு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். வழக்கமாக ஐந்து நாள் ஆகும். பழைய ரிஜிஸ்ட்ராரின் இலவச டிஎன்எஸ்ஸைப் பயன்படுத்தி வந்திருந்தால், மாறிய பின் அவர்கள் அந்தப் பதிவுகளை அழிக்கலாம். மெயிலுக்கான எம்எக்ஸ் உட்பட எல்லாவற்றையும் முதலில் புது இடத்தில் ஏற்றி வைக்க வேண்டும். ஆட்டோ ரென்யூவும் பிரைவசியும் கூடவே வராது. பெயர் வந்து சேர்ந்த அன்றே இரண்டையும் போட்டு, டிரான்ஸ்ஃபருக்காகத் திறந்த லாக் மறுபடி விழுந்திருக்கிறதா என்று whois-ல் ஒருமுறை பாருங்கள்.