காலையில் 104 வந்தால் சரக்கு சுகரைக் குறைத்துவிட்டது என்று அர்த்தமில்லை

மண்டபம் பக்கம் ஒரு சின்ன லேபில் ரத்தம் எடுக்கிற வேலை எனக்கு. போன மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகில் போகிற அண்ணன் ஒருவர் காலை ஆறரைக்கே வந்து கையை நீட்டினார். வெறும் வயிற்றில் 104. முகமெல்லாம் சிரிப்பு. “தம்பி, நேத்து ராத்திரி ஒரு குவாட்டர் போட்டேன். சும்மா இருந்த அன்னைக்கு 158 இருந்துச்சு. இதுலேருந்து என்ன தெரியுது?”

அவர் சொன்ன இரண்டு எண்களும் உண்மை. ஆனால் அவற்றை வைத்து அவர் எடுத்த முடிவு தவறு. சரக்கு சுகருக்கு நல்லது என்று நம் கரையோரத்தில் பலர் நம்புவதற்கு அந்த 104 மாதிரியான எண்தான் காரணம். மூன்று மாதச் சராசரியையும் பார்த்துவிடலாம் என்று அதே ரத்தத்தில் ஹெச்பிஏ1சி போட்டோம். 9.1 வந்தது. அதாவது மூன்று மாதமாக அவர் ரத்தத்தில் சர்க்கரை சராசரியாக 210-க்கு மேல் ஓடியிருக்கிறது.

அப்படியானால் காலையில் மட்டும் ஏன் குறைகிறது? நாம் தூங்கும்போது மூளைக்கும் உடம்புக்கும் வேண்டிய சர்க்கரையைக் கல்லீரல்தான் சொட்டுச் சொட்டாக ரத்தத்தில் விடுகிறது. கொஞ்சம் சேமிப்பிலிருந்து எடுக்கும், கொஞ்சம் புதிதாகத் தயாரிக்கும். சுகர்காரர்களுக்கு இந்தத் தயாரிப்பு அளவுக்கு மீறி நடப்பதால்தான் காலையில் எண் ஏறி நிற்கிறது. சரக்கு உள்ளே போனதும் கல்லீரல் அதை எரிப்பதை முதல் வேலையாக எடுத்துக்கொள்ளும். புதிதாகச் சர்க்கரை தயாரிப்பது அதுவரை முடங்கிவிடும். 180 மில்லி குவாட்டரில் சுமார் 60 கிராம் சாராயம் இருக்கிறது. கல்லீரல் அதை மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம் வரைதான் எரிக்கும். ஒன்பது மணிக்குக் குடித்து முடித்தால் விடியும் நேரம் வரை அந்த வேலை ஓடிக்கொண்டிருக்கும். சரியாக அந்த நேரத்தில்தான் நாம் ஊசி குத்திப் பார்க்கிறோம்.

ஆக, முதல் தவறு குடித்த மறுநாள் காலை எண்ணை மட்டும் பார்ப்பது. அந்த அண்ணனிடம் வீட்டு மிஷின் இருந்தது. “குடிக்கிற அன்னைக்கு சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு தடவை பாருங்கண்ணே” என்றேன். அடுத்த சனிக்கிழமை அலாரம் வைத்துப் பார்த்திருக்கிறார். எட்டு மணிக்கு 178. குவாட்டரைக் கோலாவில் கலந்து குடித்துவிட்டுப் பத்தே முக்காலுக்கு நாலு பரோட்டா, சால்னா. ஒரு மணிக்கு 271. காலை ஆறு மணிக்கு 110. இடையில் இருந்த 271 இத்தனை நாளாக யார் கண்ணிலும் படவே இல்லை.

அந்த 271-இல் சாராயத்தின் பங்கு குறைவு. பிராந்தியிலோ விஸ்கியிலோ மாவுச்சத்து கிடையாது, தனியாகக் குடித்தால் சுகர் உடனே ஏறாது. ஏற்றுவது கூடவே வருகிறவை. 250 மில்லி கோலாவில் 26 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்து டீஸ்பூனுக்கு மேல். பீரில் மாவுச்சத்து அதிலேயே இருக்கிறது. 650 மில்லி பாட்டிலுக்கு இருபது கிராம் அளவில் வரும். அப்புறம் பரோட்டா. போதையில் பசி கூடுவதால் இரண்டில் நிற்க வேண்டியது நாலுக்குப் போகும். பதநீரை மிக்ஸிங்குக்கு எடுப்பவர்களும் உண்டு. பனையிலிருந்து வருவதாலேயே அது சுகரை ஏற்றாது என்று நினைக்க வேண்டாம், ஒரு டம்ளரில் கோலா அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது. சாயல்குடிக் கருப்பட்டியும் இந்த விஷயத்தில் சீனியின் தம்பிதான். நான் இதைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும், பரவாயில்லை.

இரண்டாவது, எடைக் கணக்கு. இதில் பாட்டிலைக் கணக்கில் சேர்ப்பவர் அபூர்வம். சாராயம் கிராமுக்கு ஏழு கலோரி, கிட்டத்தட்ட எண்ணெய்க்கு அடுத்த இடம். ஒரு குவாட்டர் மட்டும் 420 கலோரி. கோலாவுக்கு நூறு, சைடு டிஷ்ஷாக ஒரு டபுள் ஆம்லெட்டும் ஒரு கை மிக்சரும் சேர்ந்தால் ஆயிரத்தை நெருங்கிவிடும். இரவுச் சாப்பாடு இதற்கு மேலே. உடம்பு சாராயத்தை முதலில் எரிப்பதால் அன்று உள்ளே போன கொழுப்பு எரியாமல் ஒதுங்குகிறது.

ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். வலை இழுக்கிற வேலை இல்லை. வாரம் இரண்டு முறை இப்படிப் போனால் மொத்தம் பதினேழு ராத்திரி. காகிதக் கணக்கில் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் கூடும். அண்ணனுக்கு அது தெரியவில்லை, ஏனென்றால் கட்டுவது கைலி. எத்தனை அங்குலம் கூடினாலும் கைலி வாய் திறந்து சொல்லாது. டேப் வைத்துத் தொப்புள் மட்டத்தில் அளந்தால் 98 சென்டிமீட்டர். நம்மூர் ஆண்களுக்கு 90-ஐத் தாண்டினாலே எச்சரிக்கை. வயிற்றிலும் கல்லீரலிலும் கொழுப்பு சேரச் சேர இன்சுலினின் பேச்சை உடம்பு கேட்பது குறையும். இன்னும் சுகர் வராதவருக்கு இரண்டாம் வகை சர்க்கரை நோய் நெருங்குகிற வழிகளில் இது ஒன்று. அளவாகக் குடித்தால் சுகர் வராது என்று வாட்ஸ்அப்பில் வருவது வேறு நாட்டு ஆய்வுகளை வைத்து. அந்தப் பலன் ஆசிய மக்களிடம் தெரியவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அண்ணன் தானாக ஒரு கணக்குப் போட்டார். குடிக்கிற அன்றைக்குச் சாப்பாட்டை நிறுத்திவிட்டால் சரியாகிவிடுமே! மூன்று தவறுகளில் இதுதான் ஆபத்தானது. அவர் போடுவது மெட்ஃபார்மினுடன் கிளிமிபிரைடு சேர்ந்த மாத்திரை. கிளிமிபிரைடு, வயிற்றில் சோறு இருக்கிறதா என்று பார்க்காமல் இன்சுலினைச் சுரக்க வைக்கும். கல்லீரலோ சாராயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. சர்க்கரை வருகிற இரண்டு வழியும் அடைத்துவிடும். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் இதே கதைதான். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இப்படி இறங்குவது குறைவு. ஆனால் அளவுக்கு மீறிக் குடித்தால் அந்த மாத்திரை ரத்தத்தில் அமிலம் சேர வழி செய்யும், அது வேறு ஆபத்து.

ஒரு ராத்திரி மாத்திரையைப் போட்டு, குடித்து, சாப்பிடாமல் படுத்துவிட்டார். நாலு மணிக்குப் பனியன் நனைகிற அளவு வேர்வை, கை நடுக்கம், வாய் குழறல். வீட்டம்மா போதை இன்னும் இறங்கவில்லை என்று திட்டிவிட்டுத் திரும்பிப் படுத்திருக்கிறார். அவர் மேல் குற்றமில்லை. தாழ்சர்க்கரையும் போதையும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், சாராய வாடை வேறு. ஊர் வழக்கத்தில் இதற்கு மோரும் எலுமிச்சை ஜூஸும் கொடுத்துத் தூங்க விடுவார்கள். மகன் எதற்கும் பார்ப்போம் என்று மிஷினில் விரலைக் குத்தியதால்தான் 48 என்று தெரிந்தது.

70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரோ சீனியோ தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்த்து, ஏறவில்லையென்றால் இன்னொரு தடவை. ஏறியதும் இட்லியோ பிஸ்கட்டோ ஏதாவது சாப்பிட வேண்டும், ஏனென்றால் கல்லீரல் இன்னும் வேலைக்குத் திரும்பியிருக்காது, எண் மறுபடி இறங்கும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிட வேண்டும்.

அண்ணனுக்கு 48 ஏறி 96-க்கு வர ஐந்தரை ஆகிவிட்டது. அன்று வெறும் வயிற்று டெஸ்ட்டுக்கு அவர் வரவில்லை. ரெண்டு நாள் கழித்து மாத்திரைச் சீட்டோடு வந்தார், டாக்டரிடம் முதலில் எதைச் சொல்ல வேண்டும் என்று கேட்டு. எந்த ராத்திரி எவ்வளவு குடித்தீர்கள், சாப்பிட்டீர்களா இல்லையா, அதை மறைக்காமல் சொல்லுங்கள், மாத்திரையை அதற்குத் தகுந்தபடி மாற்ற முடியும் என்றேன். சீட்டின் பின்பக்கத்தில் அங்கேயே உட்கார்ந்து நாலு ராத்திரிக் கணக்கையும் எழுதினார். 271-ஐயும் 48-ஐயும் சேர்த்து.