14-ஆம் பெட்டியில் என்ன இருக்கிறது?

பெங்களூரிலிருந்து மெல்போர்னுக்கு வீடு மாறுகிறோம், 22 பெட்டிகள். பேக்கிங் லிஸ்ட்டில் 14-க்கு நேரே "சமையல் சாமான்" என்று மட்டும் எழுதியிருந்தேன், சாமானை அனுப்பும் ஏஜென்ட் லிஸ்ட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். "உள்ளே மரம் ஏதாவது இருக்கா சார்?" இருந்தது. பாட்டியின் அரிவாள்மனை, மத்து, போதாததற்கு ஒரு தென்னந்துடைப்பம். ஆஸ்திரேலியாவில் மரத்தையும் செடிப்பொருளையும் பூச்சி இருக்குமோ என்று சோதிப்பார்கள்.

துடைப்பத்தை எடுத்துவிட்டேன், மாமியாருக்கு வருத்தம்தான். அப்புறம் கவரிங் லெட்டரை மாற்றி எழுதினேன்: மொத்தம் 22 பெட்டிகள், எல்லாம் நாங்கள் பயன்படுத்திய வீட்டுச் சாமான், விற்பனைக்கு அல்ல, மரப்பொருள் 14-இல் மட்டும், ஒவ்வொன்றின் பெயரும் லிஸ்ட்டில் தனி வரியில். பெயரும் கையெழுத்தும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே.

அங்கே அந்த ஒரு பெட்டியைத்தான் பிரித்தார்கள். மத்து பத்திரமாக வந்தது.