புதிதாக ஓவர்லாக்கில் உட்காருபவருக்கு முதல் நாளே மணிக்கு 72 பீஸா?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் லைன் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த காலம். தருமபுரிப் பக்கத்திலிருந்து ஒரு பெண், துணி விளிம்புகளைச் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் டெய்லராக வந்து சேர்ந்தார். இரண்டு வாரம் பயிற்சி அறையில் துண்டுத் துணியில் தைத்துப் பழகியிருந்தார். அவர் லைனில் உட்கார்ந்த முதல் நாளே, போர்டில் அவர் பெயருக்கு நேராக மணிக்கு 72 என்று எழுதினேன். முதல் ஒரு மணி நேரத்தில் அவர் தைத்தது 26 பீஸ். ஒவ்வொரு மணிக்கும் சூப்பர்வைசர் வந்து போர்டைப் பார்த்துவிட்டு அவரைப் பார்ப்பார். ஆறாம் நாள் அவர் வேலைக்கு வரவில்லை. ஊருக்கே போய்விட்டதாகப் பிறகு தெரிந்தது.

72 என்பது வாயில் வந்த எண் அல்ல. டி-ஷர்ட்டின் உடலோடு இரண்டு கைகளையும் சேர்ப்பதற்கு அந்த லைனில் நிர்ணயித்திருந்த நேரம் அரை நிமிடம். அப்படியானால் மணிக்கு 120 பீஸ். லைன் 60 சதவீதத் திறனில் ஓடும் என்று வைத்தால் 72. கணக்கில் பிழை இல்லை. அதை யாருக்குப் போட்டேன் என்பதில்தான் பிழை. நிர்ணய நேரம் என்பது அந்த வேலையில் கை பழகிய தொழிலாளியை வைத்துப் போடப்படுவது. அதை அளவாக வைத்தால் 26 பீஸ் என்பது ஏறக்குறைய 22 சதவீதம். முதல் வாரத்தில் 20 முதல் 25 சதவீதம் வந்தால் அது நல்ல தொடக்கம் என்று பின்னாளில் பலரைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மெதுவாகத் தைப்பவரிடம் “மிதி, இன்னும் மிதி” என்று சொல்வது அடுத்த தவறு. இரண்டு கைகளுக்கும் சேர்த்துத் தையலின் நீளம் சுமார் 85 சென்டிமீட்டர். சென்டிமீட்டருக்கு ஐந்து தையல் என்றால் 425 தையல். நிமிடத்துக்கு 5,000 தையல் ஓடும் மெஷின் இதை ஐந்து, ஆறு வினாடிகளில் முடித்துவிடும். இடையில் நிறுத்தித் திருப்புவதைச் சேர்த்தாலும் முப்பது வினாடியில் பெரும்பகுதி ஊசிக்கு வெளியேதான் கழிகிறது. வெட்டிய துணிக் கட்டிலிருந்து சட்டைக் கையை எடுப்பது, நல்ல பக்கம் பார்ப்பது, நாட்ச் என்ற வெட்டுக்குறிகளைப் பொருத்துவது, விளிம்பைச் சேர்த்துப் பிடிப்பது, முடித்ததை ஒதுக்குவது எல்லாம் விரல்களின் வேலை. சிங்கிள் ஜெர்சித் துணியானால் வெட்டிய விளிம்பு சுருண்டுகொண்டு இன்னும் படுத்தும். இதில் வேகமாக மிதித்தால் துணி கோணலாகப் போகுமே தவிர நேரம் மிச்சமாகாது.

இலக்கை ஏற்றும் விதத்தில்தான் கம்பெனிகள் அதிகம் சறுக்குகின்றன. 26-லிருந்து 72-க்கு நான்கு வாரத்தில் போக வேண்டும் என்று முடிவு செய்து 26, 41, 57, 72 என்று சமமான படிகள் கட்டிவிடுவார்கள். இரண்டாம் வாரம் புதிய பெண் 40 தைப்பார், எல்லாருக்கும் மகிழ்ச்சி. மூன்றாம் வாரம் 50, நான்காம் வாரம் 57. உடனே “முதலில் நன்றாகத் தைத்தாள், இப்போது சோம்பல்” என்பார்கள். சோம்பல் ஒன்றும் இல்லை. கற்றல் என்பதே முதலில் வேகமாக ஏறி, பிறகு மெதுவாக ஏறும். விமானத் தொழிற்சாலைகளைப் பார்த்து அமெரிக்கப் பொறியாளர் டி.பி. ரைட் 1936-லேயே இதைக் கணக்காக எழுதினார்: மொத்த உற்பத்தி இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும், ஒன்றைச் செய்யும் நேரம் குறிப்பிட்ட விகிதத்தில் குறைகிறது. பனியனுக்கு அதே விகிதம் பொருந்த வேண்டியதில்லை. வளைவின் வடிவம் பொருந்தும்.

நம் கணக்கிலேயே பார்க்கலாம். மணிக்கு 26 வீதம், நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் என்றால் முதல் வாரம் சுமார் 1,250 பீஸ். அது இரட்டிப்பாக இரண்டாம் வாரத்தில் நான்கு நாள் போதும். நான்கு வார முடிவில் மொத்தம் 8,300 ஆகியிருக்கும். அது இரட்டிப்பாக ஏறக்குறைய மூன்று வாரம் வேண்டும். ஆகவே 26, 40, 50, 57 என்று போய், பிறகு 62, 66, 69, எட்டாம் வாரம் 72 என்று ஏற்றுவதுதான் கைகள் கற்கும் வழியோடு ஒத்துப்போகும். படி சிறுத்துக்கொண்டே வர வேண்டும். நாள்காட்டியைப் பார்த்து ஏற்றுவதைவிட, இப்போதைய எண்ணை மூன்று நாள் தொடர்ந்து தொட்ட பிறகு அடுத்த எண்ணுக்குப் போவது நல்லது. இடையில் ஸ்டைலோ துணியோ மாறினால் ஒரு படி இறங்கியே தொடங்க வேண்டும்.

எந்த நேரத்தால் வகுக்கிறோம் என்பதிலும் அநியாயம் ஒளிந்திருக்கும். ஒருவர் எட்டு மணி நேர ஷிப்டில் 300 பீஸ் தைத்தார். மணிக்கு 37.5, இலக்கு 40, ஆகவே தேறவில்லை. ஆனால் அன்று துணிக் கட்டு வராமலும் மெக்கானிக்குக்காகக் காத்திருந்தும் ஒன்றேகால் மணி நேரம் அவர் கை கட்டி உட்கார்ந்திருந்தார். உண்மையில் தைத்த ஆறே முக்கால் மணியால் வகுத்தால் மணிக்கு 44. பழைய டெய்லர் சத்தம் போட்டுக் கட்டை வாங்கிக்கொள்வார், காத்திருந்த நேரத்தை எழுதவும் வைப்பார். புதியவர் வாய் திறக்க மாட்டார்.

திரும்பி வரும் பீஸையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டு மணிக்கு 50 தைத்தவருக்குச் செக்கிங்கிலிருந்து 8 பீஸ் ஆல்டருக்கு வருகிறது. பிரித்துத் திரும்பத் தைக்க ஒன்றுக்கு இரண்டரை நிமிடம் என்றாலும் இருபது நிமிடம் போய்விடும். 80 நிமிடத்துக்கு 50 நல்ல பீஸ், அதாவது மணிக்கு 37 சொச்சம். நிதானமாக 42 தைத்து ஒன்றே ஒன்று திரும்பப் பெற்றவருக்கு மணிக்கு 40 நிற்கிறது. போர்டில் தைத்த எண்ணிக்கையை மட்டும் எழுதினால் முதலாமவர்தான் கெட்டிக்காரராகத் தெரிவார்.

இரண்டு பேர் ஒரே எண்ணில் நின்றுபோனால் இருவரும் ஒரே நிலையில் இருப்பதாக நினைக்கக் கூடாது. ஸ்டாப்வாட்ச் எடுத்துப் பத்துப் பீஸை நேரம் பாருங்கள். இரண்டு பெண்களுக்கும் சராசரி 90 வினாடி. ஒருவருடைய மிகக் குறைந்த நேரம் 55 வினாடி. முறை அவருக்குத் தெரிகிறது, சில பீஸில் நாட்ச் தவறித் தடுமாறுகிறார், அவ்வளவுதான். அவரைத் தொந்தரவு செய்யாமல் விட்டால் தானாக ஏறுவார். மற்றவருடைய மிகக் குறைந்த நேரமே 85 வினாடி. அவர் கையைப் பார்த்தால் காரணம் தெரியும்: ஒவ்வொரு கைத்துண்டையும் எடுத்து மடியில் விரித்து, உள்பக்கம் வெளிப்பக்கம் தேடி, பிறகுதான் உடலை எடுக்கிறார். கட்டை நல்ல பக்கம் மேலாக அடுக்கித் தந்து, இரண்டையும் ஒரே நேரத்தில் இரு கைகளால் எடுக்கக் காட்டிக்கொடுத்தால் சில நாளிலேயே வித்தியாசம் தெரியும். காட்டாமல் இலக்கை மட்டும் உயர்த்தினால் அந்தத் தவறான பழக்கம்தான் வேகம் பிடிக்கும்.

காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் பக்கத்து மெஷின் அக்காதான். அவருக்குப் பீஸ் ரேட் கூலி. புதியவருக்காக எழுந்து போகும் ஒவ்வொரு நிமிடமும் அவர் சம்பளத்திலிருந்து கழிகிறது. அவரிடம் இலவசமாகப் பாடம் எதிர்பார்ப்பது எனக்கு எப்போதுமே கூச்சமாக இருந்தது. பிறகு வேலை செய்த இடத்தில், புதியவருக்கு வரும் துணிக் கட்டுகளில் பாதியை அக்காவுக்குக் கொடுத்து, அவர் சொல்லித்தரும் நேரத்தை முதல் இரண்டு வாரம் அவருடைய சராசரிக் கூலியிலேயே எழுதினோம். புதியவரின் பெயரை மூன்றாம் வாரம் வரை போர்டில் எழுதவில்லை. எண் அவருடைய சொந்த நோட்டில் மட்டும் இருந்தது.