டொரன்டோ வந்து இறங்கினவங்க கவனத்துக்கு: லிங்க்ட்இன்ல முன்பின் தெரியாதவங்களுக்கு எப்படி எழுதுறது

சின் நம்பர், பேங்க் அக்கவுண்ட், ஹெல்த் கார்டு எல்லாம் முதல் வாரத்துலயே முடிச்சிடுங்க, பாஸ்போர்ட், பிஆர் பேப்பர், அட்ரஸ் ப்ரூஃப் கையில இருந்தா பெரிய அலைச்சல் இல்ல. நான் சொல்ல வந்தது அதுக்கப்புறம் எல்லாரும் ராத்திரி உக்காந்து பண்ற வேலை பத்தி, அதான் லிங்க்ட்இன்ல கண்ணுல பட்டவங்களுக்கெல்லாம் ரெக்வெஸ்ட் அனுப்புறது.

என் ஃப்ரெண்ட் சென்னையில அக்கவுண்ட்ஸ் பேயபிள்ல, அதாவது கம்பெனி கட்ட வேண்டிய பில்லுகளைப் பார்க்கிற வேலையில, ஆறு வருஷம் இருந்தவன், வேலையில கெட்டிக்காரன். வந்ததும் ஒரே மெசேஜை காப்பி பண்ணி பெரிய கம்பெனி ஆளுங்க எல்லாருக்கும் தட்டிவிட்டான். "மதிப்பிற்குரிய சார், நான் கனடாவுக்குப் புதுசு, தயவுசெய்து உங்க கம்பெனியில ஏதாவது பொருத்தமான வேலைக்கு ரெஃபர் பண்ணுங்க." அனுப்பினது இங்கிலீஷ்ல, விஷயம் இவ்வளவுதான். தமிழ் பேர் தெரிஞ்சா கூடவே ஒரு "அண்ணா". பதிலே வரல, அதோட போயிருந்தா பரவால்ல. நிறைய பேர் 'இவரைத் தெரியாது'ன்னு அமுக்கிட்டாங்க, ரெக்வெஸ்ட் அனுப்புற வசதியே கொஞ்ச நாளைக்கு நின்னுபோச்சு. சரின்னு பழசை வாபஸ் வாங்கினா, வாபஸ் வாங்கின ஆளுக்கே திரும்ப அனுப்ப மூணு வாரம் வரைக்கும் விடாது. வேலை தேடுற நேரத்துல இது எவ்வளவு பெரிய அடின்னு யோசிச்சுப் பாருங்க.

ஊர்ல ஒருத்தர் ரெஸ்யூமை இன்னொருத்தர் ஃபார்வர்ட் பண்றது சாதாரணம். இங்க நிறைய கம்பெனியில ரெஃபரல் ஃபார்ம்லயே இவரை உங்களுக்கு எப்படித் தெரியும், கூட வேலை பார்த்திருக்கீங்களான்னு கேப்பாங்க. முகம் தெரியாத உங்களுக்காக அவங்க அதுல என்னத்த எழுதுவாங்க? அதனால முதல் மெசேஜ்ல ரெஃபரல்ங்கிற பேச்சே வேண்டாம். பதில் சொல்ல ரெண்டு நிமிஷம் ஆகுற ஒரு கேள்வி போதும்.

அவன் மெசேஜை நாங்க உக்காந்து மாத்தினோம். முதல்ல ஆளை மாத்தினோம். மேனேஜரை விட்டுட்டு, மணிலாவுல கணக்கு வேலை பார்த்துட்டு இங்க வந்து பேயபிள்ல இருக்கிற ஒரு அம்மாவைப் பிடிச்சோம், இவன் நிக்கிற இடத்துல நின்னவங்க. "சார்" போச்சு, ஹாய்னு போட்டு அவங்க முதல் பேர், இங்க அது மரியாதைக்குறைவு இல்ல. "புதுசு"ங்கிறதுக்குப் பதிலா சென்னையில ஆறு வருஷம் பேயபிள், எஸ்ஏபி சாஃப்ட்வேர்ல மாசம் சுமார் 800 இன்வாய்ஸ், மே மாசம் மிசிசாகா வந்தேன்னு ஒரு வரி. அப்புறம் கேள்வி: "நீங்களும் வெளிநாட்டுல இருந்து இதே வேலைக்கு வந்திருக்கீங்க, உங்க முதல் இன்டர்வியூவுல எச்எஸ்டி வரியைப் பத்தி எவ்வளவு ஆழமா கேட்டாங்க?" நன்றி, பேர், முடிஞ்சது. காசு கட்டாத அக்கவுண்ட்ல ரெக்வெஸ்ட்டோட சேர்த்து அனுப்புற மெசேஜுக்கு 200 எழுத்துதான் விடுது, ஸ்பேஸும் அதுல சேர்த்திதான், அதனால "கடின உழைப்பாளி", "ஆர்வமுள்ளவன்" எல்லாம் தானா வெளிய போயிடும். போகட்டும், அதை யாரும் நம்புறதில்ல, 800 இன்வாய்ஸ்னா இதே தொழில்ல இருக்கிறவங்களுக்கு உடனே புரியும்.

ஒண்ணு கவனிங்க, அந்த 800 ப்ரொஃபைல்லயும் இருக்கணும். மெசேஜ் வந்ததும் அவங்க முதல்ல அங்கதான் போய்ப் பார்ப்பாங்க. இவன் ப்ரொஃபைல்ல ஊர் இன்னும் சென்னைன்னு இருந்துச்சு, பேருக்குக் கீழ "வேலை தேடிக்கிட்டு இருக்கேன்"னு மட்டும். ரெண்டையும் மாத்தினதுக்கு அப்புறம்தான் அனுப்பவிட்டேன். ஆறு வருஷம் கணக்கு பார்த்தவன் கெஞ்சுற மாதிரி எழுதினதைப் பார்க்க எனக்கு உள்ளுக்குள்ள எரிஞ்சுது, நம்ம ஆளுங்க வேலையில யாருக்கும் குறைஞ்சவங்க இல்ல, எழுத்துல மட்டும் ஏன் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும்?

அந்த அம்மா பதில் போட்டாங்க. ஒன்டாரியோவுல எச்எஸ்டி 13 சதவீதம், வாங்கின சரக்குக்குக் கட்டின வரியைக் கழிச்சுக்கிறது நம்ம ஜிஎஸ்டி இன்புட் க்ரெடிட் மாதிரியேதான், அதனால பயப்பட வேண்டாம், ஆனா இன்டர்வியூவுல அதை உதாரணத்தோட சொல்லத் தெரியணும்னு எழுதியிருந்தாங்க. இவன் சும்மா விடல, அன்னைக்கே நன்றி சொல்லி, பதினஞ்சு நிமிஷம் போன்ல பேச முடியுமா, செவ்வாய் இல்ல வியாழன் சாயங்காலம் எது வசதின்னு கேட்டான். ரெண்டு நாள் குறிப்பா சொன்னா அவங்க ஒண்ணைத் தேர்ந்தெடுத்தா போதும்.

போன்லயும் வேலை கேக்கல. ஊர்ல "அசிஸ்டன்ட் மேனேஜர்"னு இருந்த இவன் பதவியை அப்படியே ரெஸ்யூமில போட்டா இங்க மேனேஜர் வேலைக்கு வந்திருக்கான்னு நினைச்சு ஒதுக்கிடுவாங்க, செஞ்ச வேலை தெரியுற மாதிரி பக்கத்துல "அக்கவுண்ட்ஸ் பேயபிள்"னு போடுன்னு அவங்கதான் சொன்னாங்க. மாத்தின ரெஸ்யூமை அடுத்த வாரம் அவங்களுக்கு அனுப்பி, நீங்க சொன்னபடி மாத்திட்டேன்னு ரெண்டு வரி எழுதினான். அப்புறம் அவங்க கம்பெனியில ஒரு இடம் வந்தப்போ, இவன் கேக்காமலே அவங்களே லிங்க் அனுப்பினாங்க, ஃபார்ம்ல எழுத இப்ப அவங்க கையில விஷயம் இருந்துச்சு.